வயிற்றுப்போக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கை: வார்டிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

காலரா சந்தேகம் பற்றிய சுற்றறிக்கை ஒரே பக்கம்தான். திங்கட்கிழமை சாயங்காலம் எல்லா வார்டிலும் ஒட்டினோம். அன்றிலிருந்து போனிலும், ரவுண்ட்ஸிலும், டூட்டி மாறும் நேரத்தில் படிக்கட்டிலும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்ற முறையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

1. "பேதி கேஸ் தினமும்தானே வருது? இப்ப மட்டும் என்ன புதுசா ஒரு அறிக்கை?"

தினமும் வருவது உண்மை. நம் கேஷுவால்ட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு பேர் வருவார்கள். பாதிப் பேர் குழந்தைகளாக இருப்பார்கள், ஊரின் எல்லா மூலையிலிருந்தும் வருவார்கள். ஞாயிறு இரவிலிருந்து திங்கள் மதியத்துக்குள் பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் பெரியவர்கள். இருவருக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை. இரவு டூட்டி சிஸ்டர் ஒருவர் விடிகாலையில் ரிஜிஸ்டரைப் புரட்டும்போது முகவரிக் கட்டத்தில் கண் நின்றிருக்கிறது: ஏழு பேர் அடுத்தடுத்த இரண்டு தெருக்காரர்கள். அவர் உடனே போன் செய்ததால்தான் இந்த அறிக்கையே வந்தது.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எண்ணிக்கை, இடம், வயது மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, நன்றாக இருந்த பெரியவர் ஒருவர் நீர்த்த பேதியால் சில மணி நேரத்தில் கண் குழிந்து, நாடி விழுந்து வந்தால், அவர் ஒருவரே போதும். இரண்டாவது ஆள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. "காலரான்னு ரிசல்ட்டே வரலை. அதுக்குள்ள ஏன் எல்லாரையும் பயமுறுத்தணும்?"

அறிக்கையில் "காலரா சந்தேகம்" என்றுதான் இருக்கிறது, "காலரா" என்று இல்லை. லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு நாளாவது ஆகும். கடுமையான காலராவில் ஆள் சில மணி நேரத்திலேயே போய்விடலாம். அதனால் சந்தேகத்திலேயே வேலையைத் தொடங்குகிறோம். உறுதியானால் வைத்தியம் பெரிதாக மாறப்போவதில்லை. தண்ணீர்க் குழாயைத் தேடும் வேலைதான் வேகமெடுக்கும்.

காலராவெல்லாம் தாத்தா காலத்து வியாதி என்று ஒரு டாக்டரே சொன்னார். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. இது அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகம் வந்த அன்றே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். திங்கள் மதியமே சொல்லிவிட்டோம்.

3. "யார் யாரைக் கணக்குல சேர்க்கறது? ரெண்டு தடவை போனவரையும் எழுதணுமா?"

24 மணி நேரத்தில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல், ரத்தம் கலக்காமல், தண்ணீராகப் போயிருந்தால் சேர்க்கவும். நடந்து வந்து ஓ.பி. சீட்டு வாங்கி மாத்திரையோடு திரும்பிப் போகிறவரும் இதில் வருவார். லேசான கேஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள். ரத்தமும் சளியுமாகப் போனால் அது சீதபேதி, தனிப் பட்டியல். ஒரே விருந்தில் சாப்பிட்டவர்கள் ஆறு மணி நேரத்துக்குள் கும்பலாக வாந்தியோடு வந்தால் அது பெரும்பாலும் உணவு நஞ்சு. எழுதி வைப்பதோடு நிற்காமல் எனக்கு உடனே போன் செய்யுங்கள்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: கை முறிவுக்கோ பிரசவத்துக்கோ சேர்ந்து, பல நாள் இங்கேயே இருந்தவருக்குப் பேதி தொடங்கினால் அவரைத் தனியாகக் குறிக்கவும். காலரா கிருமி உள்ளே போய்ச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் நோய் காட்டும். ஆறாவது நாளோ அதற்குப் பிறகோ தொடங்கியது என்றால் அது வெளியிலிருந்து வந்ததல்ல. நம் வார்டிலேயே பிடித்தது.

4. "ரிஜிஸ்டர்ல எல்லாம் எழுதறோமே. அப்புறம் எதுக்கு இன்னொரு லைன் லிஸ்ட்?"

ரிஜிஸ்டரில் "காந்தி நகர்" என்று இருக்கும். காந்தி நகரில் பதினான்கு தெரு. அதை வைத்துக்கொண்டு குழாயைத் தேட முடியாது. லைன் லிஸ்டில் தெருவும் கதவு எண்ணும் வேண்டும், குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்பது வேண்டும், முதல் தடவை பேதி போன நேரம் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தை அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள். வண்டி கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் அதில் கலந்துவிடும்.

திங்கட்கிழமை பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு பேரில் ஏழு பேர் அந்த இரண்டு தெருக்காரர்கள், எல்லாரும் தெருமுனைப் பொதுக்குழாயில் பிடிப்பவர்கள். மீதி நான்கு பேர் ஊரின் வேறு பக்கம். முதலில் இது கதையைக் கெடுப்பது போல இருந்தது. உட்கார்ந்து கேட்டபோது, ஒருவர் அந்தத் தெருமுனைக் கடையில் தினமும் டீ குடிக்கும் ஆட்டோ ஓட்டுநர். இன்னொரு அம்மா சனிக்கிழமை அக்கா மகள் வளைகாப்புக்கு அந்தத் தெருவுக்கு வந்து போனவர். மற்ற இருவரும் நாம் வழக்கமாகப் பார்க்கும் குழந்தைப் பேதி, இதில் சம்பந்தமில்லை. அதே தெருவில் சொந்த ஆழ்துளைக் கிணறு உள்ள வீட்டில் ஐந்து பேர், ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் சுகாதார ஆய்வாளர் போனார். குழாயில் தண்ணீர் பிடித்து குளோரோஸ்கோப்பில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வரவேயில்லை. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நூறடி தள்ளி, சாக்கடைக்குள் அந்தக் குழாயின் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது, கசிகிற ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே இழுபடும். ரிஜிஸ்டரில் இருந்த "காந்தி நகர்" இந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுபோயிருக்காது.

5. "டாக்டர் வர்ற வரைக்கும் நான் என்ன பண்ணலாம்? திட்டு வாங்கறது நான்தான்."

திட்டு விழுந்தால் அறிக்கையைக் காட்டுங்கள், கண்காணிப்பாளர் கையெழுத்து அதில் இருக்கிறது. முதலில் நான்கு விஷயம் பாருங்கள்: ஆள் தெளிவாக இருக்கிறாரா மயங்கிக் கிடக்கிறாரா, கண் குழிந்திருக்கிறதா, தண்ணீர் கொடுத்தால் ஆவலாகக் குடிக்கிறாரா அல்லது குடிக்கவே முடியவில்லையா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நிற்கிறதா. ஒரு கையால் நாடியையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். கையில் கொடுத்துவிட்டுத்தான் பெயர் எழுத வேண்டும். மயக்கம், நாடி பலவீனம், குடிக்க முடியாமை என்று இருந்தால் பெரிய ஊசியாக, 16 அல்லது 18 அளவில் லைன் போட்டு, கிலோவுக்கு 100 மில்லி கணக்கில் ஆர்.எல். என்ற ரிங்கர் லாக்டேட் ட்ரிப்ஸ் தொடங்கலாம் என்று அறிக்கையிலேயே அனுமதி இருக்கிறது. ஓ.பி. சீட்டு வரட்டும், ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று நிறுத்தி வைக்கக் கூடாது.

6. "கிலோவுக்கு நூறு மில்லியா? அவ்வளவு வேகமா ஏத்தினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்காதா?"

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் பயிற்சி மருத்துவர்கள்தான் அதிகம். பயம் நியாயமானது, ஆனால் இந்த நோயாளிக்கு அது பொருந்தாது. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீராக இழந்துவிட்டு வந்திருக்கிறார். நாம் கூடுதலாக எதையும் ஏற்றவில்லை, போனதைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆள் 50 கிலோ, மொத்தம் 5 லிட்டர். அதில் கிலோவுக்கு 30 மில்லி, அதாவது ஒன்றரை லிட்டர், முதல் அரை மணி நேரத்தில் போக வேண்டும். அரை லிட்டர் பாட்டில் மூன்று. சொட்டுச் சொட்டாக விட்டால் நடக்காது, தாரையாக ஓட வேண்டும். ஒரு லைன் போதாவிட்டால் இரண்டு கையிலும் போடுங்கள். மீதி மூன்றரை லிட்டர், ஏழு பாட்டில், அடுத்த இரண்டரை மணி நேரத்தில். முதல் அரை மணி முடிந்தும் நாடி பலவீனமாகவே இருந்தால் அந்த 30 மில்லியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அளவு இதேதான், நேரம்தான் மாறும்: 30 மில்லி ஒரு மணி நேரத்தில், 70 மில்லி ஐந்து மணி நேரத்தில். திங்களன்று நாடியில்லாமல் வந்த ஒருவருக்கு மூன்றாவது பாட்டில் பாதியில் இருக்கும்போதே கண்ணைத் திறந்து "சட்டை எங்கே, அதில் பணம் இருக்கு" என்றார். வார்டே சிரித்தது.

விதிவிலக்குகள் உண்டு. மிகவும் மெலிந்த, ஊட்டமில்லாத குழந்தைக்கு இந்த வேகம் ஆபத்து. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவரையும் முதியவரையும் டாக்டர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இமை வீங்குவது, மூச்சு வாங்குவது, நுரையீரலில் கரகரப்பு கேட்பது வந்தால் வேகத்தை நிறுத்துங்கள். ஆர்.எல். இல்லாவிட்டால் நார்மல் சலைன் ஏற்றலாம். வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் வேண்டாம், அதில் உப்பே கிடையாது. மூன்று மணி நேரம் கழித்து ஐந்தாம் கேள்வியில் சொன்ன நான்கையும் மறுபடி பாருங்கள். கட்டிலுக்கு அடியில் லிட்டர் கோடு போட்ட வாளி வைத்தால், போவது எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். அவ்வளவும் திரும்ப உள்ளே போக வேண்டும்.

7. "குடிச்ச உடனே வாந்தி எடுக்கறாரு. ஓ.ஆர்.எஸ். குடுத்து என்ன பிரயோஜனம்?"

பத்து நிமிஷம் விட்டு, மறுபடி கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வெளியே வருவதைவிட உள்ளே தங்குவதுதான் அதிகம். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொல்லிப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றினார். நம் வார்டில் அந்த அளவுக்கு நெருக்கடி இல்லை.

கலக்குவதில்தான் தப்பு நடக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட், முழு லிட்டர். பாதியை டம்ளரில் கொட்டி மீதியை மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பதை நானே இந்த வாரம் மூன்று கட்டிலில் பார்த்தேன். உப்பு அதிகமாகிப் பேதி கூடும். சின்னப் பாக்கெட்டும் கடையில் உண்டு, எவ்வளவு தண்ணீருக்கு என்று உறையைப் பாருங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தவே வேண்டாம்.

8. "ஸ்வாப் எடுக்கறதுக்குள்ள ஆன்டிபயாடிக் போட்டாச்சு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு டோஸ் போதும், கிருமி வளராமல் போக. ஸ்வாப், அப்புறம் மருந்து என்பதுதான் வரிசை. ஆனால் ட்ரிப்ஸ் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. ஒருவர் லைன் போடும்போது இன்னொருவர் ஸ்வாப் எடுத்துவிடலாம். மருந்து போய்விட்ட பிறகும் எடுத்து அனுப்புங்கள், ஆனால் படிவத்தில் மருந்தின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கிவிட்டு வந்தாரா என்பதையும் கேளுங்கள்.

ஸ்வாப்பை கேரி-பிளேர் குழாயில் அடி வரைக்கும் இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை உடைத்து மூடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், காலரா கிருமிக்குக் குளிர் ஆகாது, அறை வெப்பத்திலேயே லேபுக்குப் போகட்டும். பிளீச்சிங் போட்டுக் கழுவிய பெட்பேனிலிருந்து மலத்தை எடுக்காதீர்கள். வெறும் பஞ்சுக் குச்சியை உலர விட்டு அனுப்பினால் லேபில் தூக்கித்தான் போடுவார்கள். எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. முதலில் வரும் ஐந்திலிருந்து பத்துப் பேர் போதும்.

9. "எல்லாருக்கும் டாக்ஸி போட்டுடலாமே. டூட்டியில இருக்கற நாங்களும் ஒண்ணு போட்டுக்கலாமா?"

வேண்டாம், இரண்டுக்கும். கடுமையாக வறண்டு வந்தவருக்கு டாக்டர் எழுதினால் டாக்ஸிசைக்ளின் 300 மில்லிகிராம் ஒரே தடவை, அல்லது அசித்ரோமைசின் ஒரு கிராம் ஒரே தடவை. இது பேதி நாளையும் அளவையும் குறைக்கும். உயிரைக் காப்பாற்றுவது ட்ரிப்ஸும் ஓ.ஆர்.எஸ்.ஸும்தான். நன்றாக இருப்பவர்கள் விழுங்கினால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். லோபரமைடு போன்ற "நிறுத்தும் மாத்திரை" வேண்டவே வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10.

10. "பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும் மேடம்? நாங்க கைக்கணக்குலதான் போடறோம்."

கேட்ட தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு நன்றி, வேறு யாரும் கேட்கவில்லை. கைக்கணக்கு வேண்டாம். ஸ்டோரில் அளவுக் கரண்டி கொடுத்திருக்கிறோம், ஒரு கரண்டி சுமார் 15 கிராம். மலம், வாந்தி கொட்டிய இடத்துக்கும் வாளிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு கரண்டி, அதாவது 2 சதவீதக் கரைசல். தரை, கட்டில், கக்கூஸ் கைப்பிடி ஆகியவற்றுக்குப் பத்து லிட்டரில் நான்கு கரண்டி, 0.2 சதவீதம். கலக்கி, கட்டி அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு புதுப் பவுடருக்குத்தான். திறந்த மூட்டையில் ஈரம் பட்டுக் கட்டியானது, மூக்கில் ஏறும் வாசனையே இல்லாதது சுண்ணாம்புக்குச் சமம். எங்கள் ஸ்டோரிலேயே அப்படி ஒரு மூட்டை இருந்தது, தூக்கிப் போட்டோம். கரைசலைத் தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விஷப் புகை வரும்.

11. "சானிடைசர் எல்லா கட்டில்லயும் தொங்குது. எதுக்கு சோப்பு?"

கை பார்வைக்கே அழுக்காக இருந்தால் சானிடைசர் வேலை செய்யாது. இது காலராவா நோரோ வைரஸா என்று இன்னும் தெரியாதபோது சோப்புதான் பாதுகாப்பு, நோரோவுக்குச் சானிடைசர் சரியாக எடுபடாது.

12. "பக்கத்துல நின்னா எனக்கும் வந்துடுமா? வீட்ல கைக்குழந்தை இருக்கு."

மூச்சில் பரவாது, தொட்ட கை வாய்க்குப் போனால்தான் பரவும். கையுறையும் ஏப்ரனும் போடுங்கள். வாந்தி தெறிக்கும் நேரத்தில் மாஸ்க்கும் போடுங்கள். வார்டுக்குள் டிபன் பாக்ஸ் திறக்காதீர்கள். கையுறையோடு போன் எடுப்பதை நிறுத்துங்கள், நான் பார்த்ததில் மோசமான பழக்கம் அது. வீட்டுக்குப் போனதும் சீருடையை மாற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்கள்.

13. "எனக்கே நேத்து ராத்திரி நாலு தடவை போச்சு. சொன்னா சம்பளம் புடிச்சிடுவாங்க."

கேன்டீனில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தம்பி கேட்டது. சொல்லத்தான் வேண்டும், அதுவும் சமைக்கிறவர், பரிமாறுகிறவர் என்றால் கட்டாயம். பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வர வேண்டாம், லைன் லிஸ்டில் உங்கள் பெயரும் ஏறும். சம்பளம் என் கையில் இல்லை. ஆனால் சம்பளம் போகும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பிக்கு விடுப்பைச் சம்பளத்தோடு கொடுத்துவிட்டார்கள்.

14. "முதல் அஞ்சு கல்ச்சரும் நெகட்டிவ். அப்ப அறிக்கையை எடுத்துடலாம்தானே?"

எடுக்க முடியாது. அந்த ஐந்து படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று பேர் தெரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். நான்காவது ஸ்வாப் காய்ந்த நிலையில் லேபுக்குப் போயிருக்கிறது. ஐந்தாவது, நான்காம் கேள்வியில் சொன்ன சம்பந்தமில்லாத குழந்தை. இந்த நெகட்டிவ்களை வைத்துக் காலரா இல்லை என்று சொல்ல முடியாது, எட்டாம் கேள்வியில் சொன்னதை நாம் செய்யவில்லை என்றுதான் சொல்ல முடியும். செவ்வாய் இரவு சேர்ந்த பெண்ணுக்கு மருந்துக்கு முன் எடுத்த ஸ்வாப்பில்தான் காலரா கிருமியான விப்ரியோ காலரே O1 வளர்ந்தது.

அதனால் அறிக்கை ஒட்டியபடியே இருக்கட்டும். கடைசிக் கேஸ் வந்து பத்து நாள், அதாவது ஐந்து நாளின் இரண்டு மடங்கு, புதிதாக யாரும் வராமல் கழிந்தால் சுகாதார அலுவலகத்தைக் கேட்டுத்தான் எடுப்போம். அந்த முனைக்குழாயை நகராட்சி மூடி, லாரித் தண்ணீர் விடுகிறது. நேற்று அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இன்று காலை ஒருவர் வந்தார், லைன் லிஸ்டில் 27-ஆம் எண். ஞாயிற்றுக்கிழமை பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரைத்தான் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாராம்.